அறிமுகமில்லாத வகுப்பில் 40 நிமிடம்: பதிலி ஆசிரியருக்கான திட்டத்தாளும் தானே நடக்கும் பயிற்சித்தாளும்

காலை வழிபாடு முடிந்ததும் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஒரு சீட்டு வரும். "7 ஆ, நான்காம் பாடவேளை" என்று மட்டும் அதில் இருக்கும். நீங்கள் கற்பிப்பது வேறு பாடம், வேறு வகுப்பு. அங்கிருக்கும் 38 பிள்ளைகளில் ஒருவர் பெயரும் உங்களுக்குத் தெரியாது. வர வேண்டிய ஆசிரியர் விடுப்பில் இருக்கிறார். எதுவரை நடத்தினார் என்று சொல்லவும் ஆள் இல்லை.

புதிதாக வரும் ஆசிரியர்கள் பலர் இந்த இடத்தில் என்ன பாடம் நடத்தலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அது கடைசியாக யோசிக்க வேண்டியது. பெயர் தெரியாத வகுப்பில் உங்கள் கண்கள் பிள்ளைகள் மீது இருக்க வேண்டும். வேலை உங்கள் வாயிலிருந்து வராமல் தாளிலிருந்து வந்தால்தான் அது முடியும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வரிசையில் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, மதிய உணவுக்கு முந்தைய 40 நிமிடப் பாடவேளை ஒன்றை முழுவதுமாகத் திட்டமிட்டுக் காட்டுகிறேன்.

1. வகுப்புக்குப் போகும் முன் கேட்க வேண்டியவை

வகுப்பாசிரியரையோ பக்கத்து வகுப்பு ஆசிரியரையோ இரண்டு நிமிடம் பிடித்து நான்கே கேள்விகள் கேளுங்கள். பதிவேட்டில் எத்தனை பேர், இன்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்? வலிப்பு, ஆஸ்துமா போன்ற தொல்லை உள்ளவர்கள், முன் பெஞ்சில்தான் உட்கார வேண்டியவர்கள் யாராவது உண்டா? எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் ஏறத்தாழ எத்தனை பேர்? வகுப்புத் தலைவர் யார்?

"சேட்டைக்காரர்கள் யார்" என்ற கேள்வியைக் கேட்க வேண்டாம். பதில் உடனே கிடைக்கும். அந்தப் பதிலோடு உள்ளே போனால் முதல் சத்தம் எங்கிருந்து வந்தாலும் உங்கள் கண் அந்த இரண்டு பெயர்களைத்தான் தேடும். அந்தப் பிள்ளைகளும் அதை ஒரே நிமிடத்தில் கண்டுகொள்வார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: திட்டத்தாள், இருக்கைத் தாள், பயிற்சித்தாள் 20 படிகள், சாக்பீஸ், கூர்தீட்டிய பென்சில் நான்கு, கைக்கடிகாரம். 38 பேருக்கு 20 படிகள் போதும். இருவருக்கு ஒரு தாள் கொடுத்து, விடையை அவரவர் ரஃப் நோட்டில் எழுதச் சொல்லலாம். தாளில் எழுதாததால் அடுத்த முறை வேறு வகுப்புக்கும் அதே படிகள் உதவும். பென்சில்கள் எதற்கு என்றால், "எழுத ஒன்றும் கொண்டு வரவில்லை" என்ற சொல் ஒரு பிள்ளைக்குச் சும்மா உட்காரும் உரிமையாகிவிடக் கூடாது என்பதற்காக.

2. திட்டத்தாள்: ஒரே பக்கம், நேரம் இடப்பக்கம்

ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நின்றுகொண்டே, ஒரு கையில் பிடித்து, ஒரு பார்வையில் படிக்க வேண்டிய தாள் இது. பாடக்குறிப்பேட்டில் எழுதுவதுபோல் கற்றல் விளைவுகளை எழுதி நிரப்பினால் தேவையான வரி தேவையான நொடியில் கண்ணில் படாது. இடப்பக்கம் நேரம், நடுவில் பிள்ளைகள் செய்வது, வலப்பக்கம் நான் நிற்கும் இடம். எடுத்துக்கொண்ட வகுப்புக்கு அது இப்படி வரும்:

0–4: பலகையில் உள்ள தொடக்க வேலை. நான் வாசலில்.
4–8: தொடக்க வேலை தொடர்கிறது, இருக்கைத் தாள் சுற்றுகிறது. நான் நடு வழியில்.
8–12: நான்கு நடைமுறைகள், தாள் வினியோகம். நான் பலகை முன்.
12–22: பகுதி அ, தனியாக, பேச்சில்லாமல். நான் பெஞ்சுகளுக்கிடையில்.
22–31: பகுதி ஆ, பக்கத்தில் இருப்பவரோடு. நான் பெஞ்சுகளுக்கிடையில்.
31–35: சரிபார்ப்பு. நான் பலகையில்.
35–40: தாள் திரும்பப் பெறுதல், இடத்தைச் சுத்தம் செய்தல், வரிசையாக வெளியேறுதல். நான் வாசலில்.

மூன்றாவது நெடுவரிசையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எங்கே நிற்பது என்று முன்பே எழுதிக்கொள்ளாவிட்டால் கால் தானாக ஆசிரியர் மேசைக்குப் போய்விடும். அங்கிருந்து கடைசி இரண்டு பெஞ்சுகளில் நடப்பது எதுவும் தெரியாது.

கடைசி ஐந்து நிமிடத்தை முழுதாக ஒதுக்கியிருப்பதைக் கவனியுங்கள். மதிய மணிக்குப் பின் ஒரு தாளும் திரும்பி வராது. மணி அடித்த பிறகு தாளைக் கேட்டால், சாப்பாட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு நடுவே நின்று கை நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

3. முதல் எட்டு நிமிடம்

முடிந்தால் மணி அடிப்பதற்கு முன்பே போய்ப் பலகையில் ஒரே ஒரு வேலையை எழுதிவிடுங்கள். முடியாவிட்டால் வகுப்புத் தலைவரிடம் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இந்த வகுப்புக்கு நான் தருவது: "48 என்ற எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாக எத்தனை விதங்களில் எழுதலாம்? எல்லாவற்றையும் எழுதுக."

இதற்குப் புத்தகம் வேண்டாம், விளக்கம் வேண்டாம். பின்தங்கியவரும் 1 × 48 என்று தொடங்கிவிடலாம். வேகமானவர் ஐந்து விதங்களும் கிடைத்தனவா என்று தேடுவார். தொடக்க வேலையின் தகுதி இதுதான்: எல்லோராலும் தொடங்க முடிய வேண்டும், ஒருவரும் அரை நிமிடத்தில் முடித்துவிடக் கூடாது.

பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது இருக்கைத் தாளைச் சுற்ற விடுங்கள். பெஞ்சுகளைக் கட்டங்களாக வரைந்த வெற்றுத் தாள் அது. அவரவர் உட்கார்ந்திருக்கும் கட்டத்தில் அவரவர் பெயர். திரும்பி வந்ததும் தலைவரிடம் காட்டி, பெயர்கள் சரியா என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள். பெயரை மாற்றி எழுதுவது பதிலி ஆசிரியரிடம் நடக்கும் மிகப் பழைய விளையாட்டு. சந்தேகம் வந்தால் தாளைப் பார்த்து ஒரு பெயரை இயல்பாக அழையுங்கள். தலை ஓரிடத்திலும் சிரிப்பு வேறிடத்திலும் எழுந்தால் தெரிந்துவிடும். அதைப் பெரிதாக்காமல் தாளில் திருத்திக்கொண்டு நகருங்கள்.

வரிசை எண் சொல்லி வருகைப் பதிவு எடுப்பதை இந்தப் பாடவேளையில் செய்ய வேண்டாம். 38 முறை "உள்ளேன் ஐயா" கேட்டு முடிப்பதற்குள் வகுப்பு உங்கள் கையைவிட்டுப் போயிருக்கும். தலைகளை எண்ணி, இருக்கைத் தாளில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டால் போதும்.

4. நான்கு நடைமுறைகள், அதற்கு மேல் வேண்டாம்

அறிமுகமில்லாதவர் சொல்லும் பத்து விதிகளை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள். இந்த 40 நிமிடத்துக்குத் தேவை நான்கே. அவற்றைப் பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். பிறகு யாராவது கேட்டால் வாயைத் திறக்காமல் அந்த ஓரத்தைக் காட்டலாம்.

அமைதிக்கான அடையாளம்: நான் கையை உயர்த்தினால் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்து என்னைப் பார்க்க வேண்டும். சொன்னவுடன் ஒருமுறை செய்து பாருங்கள். சோதித்துப் பார்க்காத அடையாளம் தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யாது.

வெளியே போவது: ஒரு நேரத்தில் ஒருவர். ஆசிரியர் மேசையில் ஓர் அட்டை இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து அதே இடத்தில் வைக்க வேண்டும். அட்டை மேசையில் இல்லையென்றால் யாரோ வெளியே இருக்கிறார் என்று பொருள். "சார், தண்ணீர் குடிக்க" என்ற வரிசை இதனால் நின்றுவிடும். வேண்டாம் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

உதவி: முதலில் தாளின் மேலே உள்ள எடுத்துக்காட்டை மீண்டும் படிக்க வேண்டும். அப்புறமும் புரியாவிட்டால் நோட்டின் மூலையில் கேள்வி எண்ணை வட்டமிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். நான் பெஞ்சு பெஞ்சாக வருவேன். கையைத் தூக்கிக் காத்திருப்பவர் சும்மா இருக்கிறார். சும்மா இருப்பவர் பேசுவார். வட்டம் போட்டவர் வேலையைத் தொடர்கிறார், நீங்களும் எங்கே போக வேண்டும் என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்கிறீர்கள்.

முடித்தவர்: பகுதி இ. "முடித்துவிட்டேன், இனி என்ன?" என்ற கேள்வியே எழக் கூடாது.

இவற்றைச் சொல்லும்போது, "எங்கள் டீச்சர் இப்படிச் செய்யச் சொல்ல மாட்டார்" என்று ஒரு குரல் வரும். வாதாட வேண்டாம். வகுப்பில் ஏற்கெனவே ஊறிப்போன வழக்கம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கைதட்டினால் அமைதியாகும் வகுப்பாக இருந்தால் கைதட்டுங்கள். பழகிய வழக்கம் உங்கள் புதிய ஏற்பாட்டைவிட எப்போதும் வலுவானது.

பலகையில் பேசுபவர்களின் பெயரை எழுதும்படி வகுப்புத் தலைவரிடம் சொல்வதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். நம் பள்ளிகளில் இது கைவந்த பழக்கம். பார்க்க எளிதாகவும் தெரியும். ஆனால் தலைவர் தன் வேலையை விட்டுவிட்டுக் காவலுக்கு நிற்கிறார். தன் பெயர் ஏன் வந்தது, பக்கத்தில் இருப்பவன் பெயர் ஏன் வரவில்லை என்ற சண்டையே அடுத்த பத்து நிமிடத்தின் சத்தமாகிறது. பாடவேளை முடிந்தபின் அந்தத் தலைவர்தான் அடி வாங்குகிறார். பெஞ்சின் மேல் ஏற்றுவது, முட்டி போடச் சொல்வது பற்றிப் பேசவே வேண்டியதில்லை: 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பேசுபவரின் பக்கத்தில் போய் நின்று, இருக்கைத் தாளில் பார்த்த பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லி, "எந்தக் கேள்வியில் இருக்கிறாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலான நேரம் அதுவே போதும்.

5. பயிற்சித்தாள் தானே நடக்க என்ன வேண்டும்

இந்தத் தாளைத் தயாரிப்பதுதான் முக்கால் பங்கு வேலை. ஒரு வகுப்பு கீழே உள்ள திறனைத் தேர்ந்தெடுங்கள். ஏழாம் வகுப்புக்கு ஐந்து, ஆறாம் வகுப்புக் கணக்கு. வகுப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. புதுப் பாடம் கொடுத்தால் 38 பேருக்கும் ஒரே நேரத்தில் நீங்கள் தேவைப்படுவீர்கள். ஆனால் சலிப்பூட்டும் வெறும் கூட்டல் கழித்தலாகவும் இருக்கக் கூடாது. மளிகைக் கடை ரசீது நன்றாக வேலை செய்கிறது.

தாளின் மேலே ஓர் எடுத்துக்காட்டு, முழுதாகச் செய்து காட்டப்பட்டது: "உளுந்து கால் கிலோ. ஒரு கிலோ 160 ரூபாய். 160 ÷ 4 = 40 ரூபாய்." அதன் கீழே ரசீது:

அரிசி 5 கிலோ, கிலோ 48 ரூபாய்
துவரம்பருப்பு 2 கிலோ, கிலோ 140 ரூபாய்
நல்லெண்ணெய் அரை லிட்டர், லிட்டர் 360 ரூபாய்
சர்க்கரை 3 கிலோ, கிலோ 45 ரூபாய்

பகுதி அ, கேள்வி 1 முதல் 4: ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு? செய்முறையோடு எழுதுக. இதன் கீழேயே அச்சிட வேண்டிய வரி: "நான்கு விடைகளையும் கூட்டினால் 835 வர வேண்டும்."

பகுதி ஆ. 5: ரசீதின் மொத்தம் 835 ரூபாய்; 1000 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? 6: 200 ரூபாய்க்கு எத்தனை முழுக் கிலோ சர்க்கரை வாங்கலாம்? 7: துவரம்பருப்பு 750 கிராம் எவ்வளவு? 8: அரிசி கிலோவுக்கு 3 ரூபாய் கூடினால் ரசீதின் மொத்தம் எவ்வளவு? சரிபார்ப்பு வரி: "அலகுகளை விட்டு எண்களை மட்டும் கூட்டினால் 1124."

பகுதி இ. 9: வகுப்புச் சுற்றுலாவுக்கு இதே விலைகளில் 500 ரூபாய்க்குள் நான்கு பொருள்களும் இருக்கும்படி மூன்று வெவ்வேறு பட்டியல்கள் தயாரிக்க. 10: பக்கத்தில் இருப்பவருக்கு மூன்று கேள்விகளும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் உருவாக்குக.

சரிபார்ப்பு எண்தான் இந்தத் தாளை நடத்துகிறது. "சார், இது சரியா?" என்று 38 பேரும் கேட்கும் கேள்விக்கு அது பதில் சொல்லிவிடுகிறது. உங்களுக்கும் அது பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஒருவருக்கு 1015 வந்திருந்தால் எண்ணெயை முழு லிட்டராகக் கணக்கிட்டிருக்கிறார். 803 என்றால், 5 × 48 இல் 5 × 40 ஐச் சரியாகப் போட்டுவிட்டு 8 ஐப் பெருக்காமல் அப்படியே கூட்டியிருக்கிறார். பகுதி ஆவில் 106019 என்று ஆறு இலக்கத்தில் நின்றால் 750 ஐக் கிராமாகவே வைத்து 140 ஆல் பெருக்கியிருக்கிறார். நின்றபடியே நோட்டைப் பார்த்து, எந்த வரியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஒரு சொல்லில் காட்டிவிடலாம்.

இதற்கு எல்லையும் உண்டு. மூன்று விடைகளைக் கண்டுபிடித்தவர் நான்காவதை 835 இலிருந்து கழித்தே எழுதிவிடலாம். அதனால்தான் செய்முறையும் வேண்டும் என்று தாளிலேயே இருக்கிறது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து எண் சரியாக வந்துவிடுவதும் உண்டு, அது அரிது. சரிபார்ப்பின்போது தனித்தனி விடைகளைப் படித்தால் அதுவும் வெளிவரும்.

புதியவர்கள் தாள் தயாரிப்பதில் செய்யும் பெரிய தவறு, கேள்விகளைச் சங்கிலியாகக் கோப்பது. ஐந்தாம் கேள்வியின் விடையை வைத்து ஆறாம் கேள்வி என்று அமைத்தால், ஐந்தில் நின்றவர் அத்தோடு நின்றுவிடுவார். மேலே உள்ள எட்டுக் கேள்விகளையும் எந்த வரிசையிலும் செய்யலாம். மொத்தத் தொகையைக்கூட ஐந்தாம் கேள்வியில் மீண்டும் அச்சிட்டிருப்பது இதற்காகத்தான்.

ஒன்பதாம் கேள்வியில் "உங்கள் வீட்டில் என்ன வாங்குவீர்கள்" என்று கேட்காமல் சுற்றுலா என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. யார் வீட்டில் என்ன நிலைமை என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு பிள்ளை தன் நோட்டை மறைத்துக்கொண்டு எழுதும்படியான கேள்வியைப் பதிலி ஆசிரியர் கேட்கக் கூடாது.

படியெடுக்க வழியில்லாத பள்ளியில் ரசீதையும் எடுத்துக்காட்டையும் மட்டும் பலகையில் எழுதிவிட்டுக் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். எல்லாவற்றையும் பலகையிலிருந்து நோட்டில் எழுதச் சொன்னால் பாடவேளையின் பாதி எழுதுவதிலேயே போய்விடும். அதைவிட மோசம், நீங்கள் வகுப்புக்கு முதுகைக் காட்டியபடி நிற்பீர்கள்.

6. தாள் ஓடத் தொடங்கிய பின்

கொடுத்தவுடன் ஒருமுறை எடுத்துக்காட்டையும் ரசீதையும் நீங்களே உரக்கப் படியுங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு இது தனி உதவி என்று தெரியாமலே கிடைக்கும் உதவி. அதன் பிறகு முதல் மூன்று நிமிடம் யாருக்கும் விளக்கம் தராமல் நடங்கள். ஐந்தாறு நோட்டுகளில் ஒரே கேள்விக்கு வட்டம் இருந்தால் தவறு தாளில்தான். கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தி, அந்த ஒன்றை மட்டும் பலகையில் செய்து காட்டிவிட்டு மீண்டும் விடுங்கள். ஓரிருவர் மட்டும் நின்றிருந்தால் பெஞ்சில் குனிந்து சொல்வது போதும்.

பதினெட்டாவது நிமிடத்தை ஒட்டிச் சலசலப்பு எழுந்தால் பெரும்பாலும் பகுதி அ-வை முடித்திருப்பார்கள். அதை அடக்க முயலாமல் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, இணையாகப் பேசும் பகுதி ஆவை அப்போதே திறந்துவிடுங்கள். திட்டத்தாளில் உள்ள நேரம் உங்களுக்காக. வகுப்பு அதற்குக் கட்டுப்பட்டதில்லை.

"சார், கிரவுண்டுக்குப் போகலாமா?" என்ற வேண்டுகோள் நிச்சயம் வரும். "முடித்தால் பார்க்கலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். பத்தே நிமிடத்தில் பத்துப் பேர் அரைகுறையாக முடித்துவிட்டு வந்து நிற்பார்கள். கொடுக்க முடியாத வாக்கு, கொடுத்தவருக்குப் பின் அந்த வகுப்புக்கு வரும் அடுத்த பதிலி ஆசிரியரையும் பாதிக்கும். "இந்தப் பாடவேளை இங்கேதான்" என்று ஒரே மாதிரியான குரலில் சொல்லிவிட்டுத் தாளைக் காட்டுங்கள்.

சரிபார்க்கும்போது விடைகளை மட்டும் வாசியுங்கள்: 240, 280, 180, 135, பிறகு 165, 4, 105, 850. அதிகம் பேர் தடுமாறிய ஒரே கேள்வியைப் பலகையில் விரிவாகச் செய்யுங்கள். இந்தத் தாளில் அது பெரும்பாலும் ஏழாவது கேள்வியாகவே இருக்கும். 250 கிராமுக்கு 35 ரூபாய், அதன் மூன்று மடங்கு 105 என்று காட்டினால், மேலே உள்ள உளுந்து எடுத்துக்காட்டோடு அது தானாகப் பொருந்திவிடும்.

7. விடுப்பு முடிந்து வருபவருக்கு ஒரு குறிப்பு

மணி அடித்ததும் வாசலில் நின்று பெஞ்சு பெஞ்சாக அனுப்புங்கள். தாள்களை எண்ணுங்கள், 20 இருக்க வேண்டும். ஆசிரியர் அறைக்குப் போய் உட்கார்ந்தவுடன், நினைவு மங்குவதற்கு முன், அரைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். தீர்ப்பு வேண்டாம், நடந்தது மட்டும். "வகுப்பு மிகவும் மோசம்" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதலாம்:

"7 ஆ, நான்காம் பாடவேளை. வந்தவர்கள் 36 பேர். மளிகை ரசீதுப் பயிற்சி நடந்தது. பகுதி அ-வை 33 பேர் முடித்தனர். கேள்வி 7 இல் 14 பேர் கிராமைக் கிலோவாக மாற்றவில்லை. மூன்றாம் பெஞ்சு ஓரத்தில் இருந்த மாணவருக்குப் பலகை எழுத்து தெரியவில்லை. முன்னால் உட்கார வைத்தேன், அங்கிருந்து படித்தார். ஒருவர் தலைவலி என்றார். உடற்கல்வி ஆசிரியரிடம் அனுப்பினேன். இருக்கைத் தாள் இணைப்பில்."

பலகை தெரியாத பிள்ளையைப் பற்றிய வரியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அன்றாடம் வகுப்பெடுப்பவருக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதது புதிதாக வந்தவருக்குத் தெரியும்; கண் பரிசோதனைக்கு அனுப்பும் முடிவு அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கலாம்.

குறிப்பின் ஒரு படியையும் இருக்கைத் தாளின் ஒரு படியையும் உங்கள் கோப்பில் வையுங்கள். அதே வகுப்புக்கு மீண்டும் சீட்டு வரும்போது பெயர்களும், எந்தத் தாள் கொடுத்தாகிவிட்டது என்பதும் கையில் இருக்கும். அடுத்த தாளுக்கான பொருளும் கிடைத்துவிட்டது: கிராம், கிலோ மாற்றம்.